வாரம் 70 கி.மீ. ஓடுறவனுக்கும் ஜிம் தம்பிக்கும் ஒரே புரதக் கணக்கா?

ஓசூர்_ஷிப்ட்காரன் · ஞாயிறு, காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். வயசு 34, சிப்காட்ல ஷிப்ட் வேலை. ரெண்டு வருஷமா ஓடறேன். இப்போ வாரத்துக்கு 65-70 கி.மீ. வருது. ஜனவரில சென்னைல முதல் முழு மாரத்தான் ஓடணும்னு ஆசை.

எங்க வீட்டுல தம்பி ஜிம்முக்குப் போறவன், 72 கிலோ. அவன் பேச்சைக் கேட்டு அஞ்சு வாரமா நானும் புரதத்தைக் கூட்டிட்டேன். ஓடிட்டு வந்ததும் வே பவுடர் ரெண்டு ஸ்கூப் தண்ணில. மத்தியானம் ஆறு முட்டை வெள்ளைக்கரு, பொரியல். ராத்திரி கால் கிலோ சிக்கன், ஒரு கப் தயிர். சோறு, களி ரெண்டையும் கிட்டத்தட்ட விட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு வெறும் கருப்பு காபி குடிச்சிட்டுப் போறேன்.

58 கிலோ இருந்தேன், இப்போ 55. முகம் ஒட்டிப் போச்சுன்னு அம்மா தினமும் திட்டுது. அது பரவாயில்ல. முன்னாடி கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம்னு பேசிக்கிட்டே ஓடுவேன். இப்போ அதே மூச்சுக்கு ஆறரை வருது. காலைல எழுந்ததும் நாடி 52 இருந்தது, இப்ப 60. இன்னிக்குக் கே.ஆர்.பி. அணை ரோட்டுல 22 கி.மீ., கடைசி ஆறு கிலோமீட்டர் கால் ரெண்டும் கல்லு. பனியனைக் கழட்டினா நவச்சார வாசனை.

இவ்வளவு புரதம் எடுத்தும் ஏன் இப்படி? இன்னும் கூட்டணுமா?

பளு_பாலா · ஞாயிறு, காலை 10:40

ப்ரோ, கணக்கு சிம்பிள். கிலோவுக்கு 2 கிராம், யாரா இருந்தாலும். நீங்க சொன்னது என் கணக்குல 125 கிராம் பக்கம் வருது, அது கரெக்ட்டு தான். டைமிங்தான் தப்பா இருக்கும். ஓடி முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், இல்லன்னா வேஸ்ட். ஓடும்போது புரதத்துல இருக்கற லூசின்ங்கற அமினோ அமிலம் எரியும், அதனால லூசின் கலந்த பி.சி.ஏ.ஏ. டப்பா ஒண்ணு வாங்கி ஓடும்போதே குடிங்க. எங்க ஜிம்ல எல்லாரும் அதான் பண்றாங்க.

பென்னாகரம்_பெரியவர் · ஞாயிறு, காலை 11:25

பவுடரைத் தூக்கிப் போடப்பா. நாங்க அந்தக் காலத்துல களியும் கீரையும் தின்னுட்டு ஒகேனக்கல் வரைக்கும் நடந்தே போய் வந்தோம். அப்போ யாரு கிராம் எண்ணினது? கேழ்வரகுல இல்லாத சத்தா? அதிகப் புரதம் கிட்னியைக் கெடுக்கும்.

1500மீ_கனவு · ஞாயிறு, மதியம் 12:03

அண்ணா வணக்கம், நானும் ஓட்டம்தான். போலீஸ் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிஷத்துக்குள்ள ஓடணும். நான் 7:20 ஓடறேன். எந்தப் புரோட்டீன் பவுடர் எடுத்தா 20 செகண்ட் குறையும்? விலை கம்மியா சொல்லுங்க.

கேழ்வரகு_டீச்சர் · ஞாயிறு, மாலை 6:18

ஊட்டச்சத்துப் பாடம் எடுப்பவள் நான். ஆறேழு அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன், வேகமாக இல்லை. கேள்வியைப் படித்ததும் எனக்குக் கண்ணில் பட்டது புரதம் இல்லை. "சோறு, களி ரெண்டையும் விட்டாச்சு" என்கிற வரிதான்.

முதலில் பாலா சொன்னதை எடுத்துக்கொள்வோம், அதில் பாதி சரி. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நம் நாட்டுப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம். ஓட்டக்காரருக்கு அது போதாது. நீண்ட ஓட்டம் ஓடுபவருக்கு 1.2 முதல் 1.6 வரை என்று பொதுவாகச் சொல்கிறோம். பளு தூக்குபவர்களை வைத்து நடந்த 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2018ல் வந்தது. கிலோவுக்கு 1.6 அளவைத் தாண்டினால் தசை வளர்ச்சிக்குச் சராசரியில் கூடுதல் பலன் தெரியவில்லை என்பது அதன் முடிவு. சிலருக்கு 2.2 வரை உதவலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். ஆக உங்கள் தம்பிக்கு 115 கிராம், உங்களுக்கு 58 கிலோவுக்கு அதிகபட்சமாக 93 கிராம். கிலோ கணக்கில் பார்த்தால் இரண்டு பேருக்கும் நடுவே பெரிய வித்தியாசமே இல்லை. நிறைய பேர் ஓட்டக்காரனுக்குப் புரதம் எதற்கு என்று நினைக்கிறார்கள். அது தவறு.

வித்தியாசம் அந்தப் புரதம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. தம்பி ஒரு மணி நேரம் இரும்பு தூக்கினால் அந்த நேரத்தில் அவர் உடம்பு எரிக்கும் புரதம் கொஞ்சம்தான். அவர் சாப்பிடும் புரதத்தின் முக்கிய வேலை சுருங்கி விரியும் தசைநாரைத் தடிப்பாக்குவது. உங்களுக்குத் தசை தடிக்க வேண்டாம். உங்கள் புரதம் தசைக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவையும் நொதிகளையும் புதுப்பிக்கிறது, அடிபட்ட நாரைப் பழுது பார்க்கிறது. இது போக ஒரு பங்கு ஓடும்போதே விறகாக எரிந்துவிடுகிறது. அந்த மூன்றாவது பங்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது நீங்கள் சாப்பிட்ட சோறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு ஒரு கலோரி. 58 கிலோ, 22 கி.மீ. என்றால் 1,280 கலோரி பக்கம். தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் நிறைந்திருந்தால் இதில் 5 சதவீதம்போலப் புரதத்திலிருந்து வரும். அதாவது 64 கலோரி, 16 கிராம் புரதம். கிளைக்கோஜன் காலியாக இருந்தால் அது 10 சதவீதம் வரை ஏறும், 32 கிராம். 1980லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்கள் மாவுச்சத்து நிறைந்த நாளில் எரித்த புரதம் 5.8 கிராம், காலியான நாளில் 13.7 கிராம். வியர்வையில் போன யூரியாவையும் சேர்த்த கணக்கு அது.

நீங்கள் ஆசையாய்க் காசு கொடுத்து வாங்கிய வே பவுடரை உடம்பு அரிசி மாதிரி அடுப்பில் போடுகிறது. களி இருந்தால் அது களியை எரித்திருக்கும்.

ஓசூர்_ஷிப்ட்காரன் · ஞாயிறு, இரவு 8:50

டீச்சர், இது யாரும் சொல்லல. ஆனா ஒரு சந்தேகம். தம்பியும் சோறு குறைச்சுத்தான் சாப்பிடறான். அவனுக்கு ஒண்ணும் ஆகலயே? பளு எல்லாம் ஏறிக்கிட்டே போகுது.

கேழ்வரகு_டீச்சர் · ஞாயிறு, இரவு 9:31

அவர் ஒரு செட்டுக்குப் பத்துத் தடவை தூக்கிவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார். மொத்தச் செலவே சில நூறு கலோரி. சோறு குறைந்தாலும் அந்தப் பள்ளம் சிறியது, இரவுக்குள் நிரம்பிவிடும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் 1,280 கலோரி தோண்டுகிறீர்கள், அதற்கு மேல் வாரத்தில் நாலு நாள்.

நீங்கள் எழுதிய உணவை மட்டும் கூட்டினால் பொரியல் எண்ணெய், பால் டீ எல்லாம் சேர்த்தும் 1,500 கலோரியைத் தாண்டுவது கஷ்டம். நீங்கள் சொல்லாமல் விட்டது வேறு ஏதாவது உண்டா?

ஓசூர்_ஷிப்ட்காரன் · ஞாயிறு, இரவு 9:44

நைட் ஷிப்ட்ல ரெண்டு டீ, நாலு பிஸ்கட். அவ்வளவுதான் டீச்சர்.

பளு_பாலா · ஞாயிறு, இரவு 10:15

ஓகே டீச்சர், கார்ப் பாயிண்ட் ஒத்துக்கறேன். ஆனா ஓடும்போது புரதம் எரியுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ பி.சி.ஏ.ஏ. குடிச்சா அது ஈடாகும்தானே? அரை மணி நேர விஷயத்துக்கும் பதில் சொல்லல.

கேழ்வரகு_டீச்சர் · திங்கள், காலை 5:52

பி.சி.ஏ.ஏ. என்பது லூசின் உட்பட மூன்று கிளைத்தொடர் அமினோ அமிலங்கள், அவை ஓடும்போது எரிவது உண்மை. ஆனால் எரிகிறதே என்று இன்னும் ஊற்றினால் இன்னும் எரியும், கூடவே அம்மோனியாவும் ஏறும். தசையைப் புதுப்பிக்க எல்லா அவசிய அமினோ அமிலமும் வேண்டும், மூன்று மட்டும் போதாது. இரண்டு முட்டையில் எல்லாமே இருக்கிறது.

அரை மணி நேரம் என்பதில் ஓட்டக்காரருக்கு அவசரமான பொருள் மாவுச்சத்துதான், அதுவும் அன்று மாலையோ மறுநாள் காலையோ மறுபடி ஓடுவதாக இருந்தால். புரதத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை 20-25 கிராம் என்று நாள் முழுக்கப் பரவியிருந்தால் போதும். ஷிப்ட்காரன் தம்பி ஒரே மூச்சில் பவுடரில் 48 கிராம் புரதம் குடித்துவிட்டு மத்தியானம் வெள்ளைக்கருவில் 20 கிராமோடு நிற்கிறார். மஞ்சள் கருவை யாருக்குக் கொடுக்கிறீர்கள் தம்பி? நாய்க்கா?

மத்தூர்_ஓட்டக்காரி · திங்கள், காலை 7:20

என் கதையையும் சொல்லிடறேன். போன வருஷம் எனக்கும் இதேதான். வாரம் 60 கி.மீ., "வெயிட் குறைஞ்சா வேகம் வரும்"னு ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன். புரதம் மட்டும் சரியா எடுத்தேன், கிலோவுக்கு 1.7 வந்தது, எழுதி வெச்சேன். நாலு மாசம் மாதவிடாய் வரல. முழங்காலுக்குக் கீழ எலும்புல வலி, ஸ்கேன்ல எலும்பு அழுத்தக் காயம்.

கிருஷ்ணகிரில நான் பார்த்த டாக்டர் முதல்ல இரும்பு மாத்திரை மட்டும் எழுதி அனுப்பிட்டார். அப்புறம் பெங்களூர்ல ஒரு விளையாட்டு மருத்துவர் பார்த்துட்டு, மொத்தச் சாப்பாடே பத்தலன்னு சொன்னாங்க. புரதத்தை ஒரு கிராம் கூட மாத்தல. சோறும் நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்தேன். மூணாவது மாசம் மாதவிடாய் வந்தது. அதனால ஷிப்ட்காரன் அண்ணா, ரத்தத்துல ஃபெரிட்டின் பாத்துடுங்க, உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு அது காட்டும், ஓட்டக்காரங்களுக்கு அது குறையும். எனக்கு 11 இருந்தது.

பென்னாகரம்_பெரியவர் · திங்கள், காலை 9:05

பார்த்தியா, கடைசில எல்லாரும் களிக்கே வந்தாச்சு.

கேழ்வரகு_டீச்சர் · திங்கள், மாலை 7:02

ஐயா, பாதி வழி உங்களோடு வருகிறேன். கேழ்வரகு மாவு 100 கிராமில் மாவுச்சத்து 67 கிராம் பக்கம், புரதம் 7 கிராம்தான். அந்தப் புரதத்திலும் லைசின் என்ற அவசிய அமினோ அமிலம் குறைவு. அதனால்தான் நம் பக்கத்தில் களிக்கு வெறும் உப்பைத் தொட்டுக்கொள்ளாமல் கொள்ளுக் கடையலும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார்கள். பருப்பில் லைசின் உண்டு, இரண்டும் சேர்ந்தால் குறை தீரும். கொள்ளு 100 கிராமில் 22 கிராம் புரதம். களியை மட்டும் தின்று 93 கிராம் புரதம் சேர்க்க வேண்டுமானால் ஒன்றேகால் கிலோ மாவுக்கு மேல் கிண்ட வேண்டும். ஒகேனக்கலுக்கு நடந்தவர் கூட அதைச் சாப்பிட மாட்டார்.

கிட்னி விஷயம்: நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இந்த அளவால் கேடு வருவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

இப்போது ஷிப்ட்காரன் தம்பிக்கு. நீண்ட ஓட்டத்துக்கு முன் இரண்டு வாழைப்பழம். திரும்பி வந்து இட்லி நாலு, சாம்பார், முழு முட்டை இரண்டு, ஒரு டம்ளர் பால். புரதம் 27 கிராம் வந்துவிடும். மத்தியானம் 150 கிராம் மாவில் களி, காய்ந்த எடையில் 50 கிராம் கொள்ளு, கொஞ்சம் தயிர், 25 கிராம். சாயங்காலம் ஒரு கை நிலக்கடலை, 10 கிராம். ராத்திரி 120 கிராம் அரிசிச் சோறு, சிக்கன் 100 கிராம், 30 கிராம். கூட்டினால் 92. நீங்கள் இப்போது தின்பதை விடப் புரதம் 30 கிராமுக்கு மேல் குறைவு. மாவுச்சத்து 350 கிராமை நெருங்கும், அதாவது கிலோவுக்கு 6 கிராம். ஓடாத நாளில் சோறு கொஞ்சம் குறையலாம், புரதத்தைக் குறைக்காதீர்கள், பழுதுபார்ப்பு அன்றைக்குத்தான் நடக்கிறது.

இதை அப்படியே நம்ப வேண்டாம். பத்து நாள் செய்து பாருங்கள். காலை நாடியும் ஒரே பாதையில் ஒரே மூச்சுக்கு வரும் வேகமும் எழுதி வையுங்கள். சோறு கூடி, புரதம் குறைந்தும் நாடி இறங்கினால் குறை எதில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். இறங்கவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை, தூக்கம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். நைட் ஷிப்டே நாடியை ஏற்றும், அதையும் மறக்காதீர்கள்.

1500 மீட்டர் தம்பி, உங்களுக்கு எந்த டப்பாவும் 20 செகண்ட் தராது. வாரம் ஒரு நாள் 400 மீட்டரை 1:45ல் ஓடி, நடுவில் இரண்டு நிமிடம் நடந்து, ஐந்தாறு தடவை செய்யுங்கள். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு, கூட தினமும் இரண்டு முட்டை.

1500மீ_கனவு · திங்கள், இரவு 8:11

நன்றி டீச்சர். முட்டை வேக வெச்சா, ஆஃப்பாயிலா?

பளு_பாலா · திங்கள், இரவு 9:40

டீச்சர், தேடிப் பார்த்தேன். 2016ல டொரண்டோல ஓட்டக்காரங்களை வெச்சு ஒரு ஆய்வு, 20 கி.மீ. ஓடின நாள்ல தேவை 1.65, பாதுகாப்பா 1.83ன்னு வருது. நீங்க 1.6ல நிறுத்தறீங்க. அப்போ என் 2 கிராம்தான் கிட்ட இருக்கு 😄

கேழ்வரகு_டீச்சர் · செவ்வாய், காலை 6:05

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அந்த ஆய்வு தெரியும். மூச்சில் வரும் கரியமில வாயுவை அளந்து தேவையைக் கணக்கிடும் புதிய முறை அது. பழைய நைட்ரஜன் கணக்கு குறைத்துக் காட்டுகிறது என்பது அந்தப் பக்கத்தினரின் வாதம். ஆனால் ஓடியவர்கள் ஆறு பேர், எல்லாரும் ஆண்கள். அளந்தது ஒரு நாளின் தேவை. 1.83 சாப்பிட்டவர் மூன்று மாதம் கழித்து வேகமாக ஓடினாரா என்பது அதில் இல்லை. 22 கி.மீ. ஓடுகிற ஞாயிறன்று 1.8 என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன், இன்னொரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் சேர்த்தால் ஆயிற்று. அதற்காகத் தட்டிலிருந்து சோற்றை எடுக்கக்கூடாது.

பளு_பாலா · செவ்வாய், காலை 8:30

அப்போ டிரா.

மத்தூர்_ஓட்டக்காரி · செவ்வாய், காலை 8:47

நவச்சார வாசனைக்கு யாரும் பதில் சொல்லல. எனக்கும் அப்போ இருந்தது.

கேழ்வரகு_டீச்சர் · செவ்வாய், மாலை 6:40

அமினோ அமிலம் எரியும்போது நைட்ரஜன் மிஞ்சும். அது யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் வியர்வையில் கொஞ்சம் வரும். அதனால் சோறு குறைந்த ஓட்டக்காரர் பலர் இந்த வாசனையைச் சொல்வதுண்டு. ஆனால் தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், துவைக்காத செயற்கை நூல் பனியனாலும் வரும். வாசனையை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

ஓசூர்_ஷிப்ட்காரன் · 19 நாள் கழித்து, ஞாயிறு, காலை 11:20

திரும்பி வந்துட்டேன். டீச்சர் சொன்ன மாதிரியே, கிட்டத்தட்ட. நைட் ஷிப்ட் வாரத்துல மட்டும் மத்தியானக் களி தூக்கத்துல போயிடுது, அதுக்குப் பதிலா டப்பால கட்டிட்டுப் போய் ராத்திரி 1 மணிக்குச் சாப்பிடறேன். கூட வேலை செய்றவங்க சிரிக்கறாங்க. ரெண்டு பேர் உருண்டை கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

நாடி பகல் ஷிப்ட் வாரத்துல 54, நைட் வாரத்துல 57. எடை 56.5. இன்னிக்கு அதே அணை ரோட்டுல அதே 22 கி.மீ., அதே மூச்சுக்கு 6:10. கடைசி ஆறு கிலோமீட்டர் கால் கனத்தது, ஆனா கல்லு இல்ல. வாசனை போச்சு, பனியனும் புதுசு, அதனால எதால போச்சுன்னு சொல்ல முடியல.

பழைய 6:00 இன்னும் வரல. ஃபெரிட்டின் பாத்தேன், 19. லேப்ல நார்மல்னு அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க. டீச்சர், இது நார்மலா?

இன்னொண்ணு. போன வாரம் அஞ்செட்டி மலை ரோட்டுல இறக்கத்துல 8 கி.மீ. ஓடினேன், மூணு நாள் படி இறங்க முடியல. அதுக்குப் புரதம் கூட்டணுமா?

மத்தூர்_ஓட்டக்காரி · ஞாயிறு, மதியம் 1:02

என்னைக் கேட்டா 19 ஓடறவங்களுக்குப் பத்தாதுண்ணா. லேப் நார்மல் எல்லாருக்குமானது. அந்தத் தாளை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க, சொந்தமா மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீங்க.

கேழ்வரகு_டீச்சர் · ஞாயிறு, மாலை 7:15

அவர் சொன்னதையே சொல்கிறேன், மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டக்காரருக்கு எந்த எண்ணுக்குக் கீழே இரும்பு கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை. மிச்சமுள்ள பத்து நொடி அதில் ஒளிந்திருக்கலாம், இன்னும் மீளாத எடையிலும் இருக்கலாம்.

இறக்கத்து வலி தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட்டதால் வந்தது. அன்றைக்குக் கூடுதல் பவுடர் குடித்திருந்தாலும் படி இறங்கும்போது கத்தியிருப்பீர்கள். அடுத்த தடவை 3 கி.மீ. இறக்கத்தில் ஆரம்பியுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி. தசை ஒரு தடவையிலேயே நிறையக் கற்றுக்கொள்ளும்.

பென்னாகரம்_பெரியவர் · ஞாயிறு, இரவு 8:00

ராத்திரி ஒரு மணிக்குக் களியா? செரிக்குமா அது?

ஓசூர்_ஷிப்ட்காரன் · ஞாயிறு, இரவு 8:26

செரிக்குதுங்க ஐயா. மூணு மணிக்கே மறுபடி பசிக்குது.